எட்டிலிருந்து ஐந்து: எத்தனை சதவீதம்?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் லைனைக் கவனித்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வேறு வேலைக்கு ரெஸ்யூம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன வருடம் ஜூலை முதல் செப்டம்பர் வரை அவருடைய லைனிலிருந்து செக்கிங்குக்குப் போனவை 48,000 பீஸ். நூல் விட்டது, தையல் கோணியது என்று திருத்தத்துக்குத் திரும்பி வந்தவை 3,840. இந்த வருடம் அதே மூன்று மாதத்தில் போனவை 60,000, திரும்பியவை 3,000. நல்ல வேலைதான். ஆனால் ரெஸ்யூமில் எத்தனை சதவீதம் என்று போடுவது?

திரும்பிய பீஸ்களை மட்டும் பார்த்தால் 840 குறைந்திருக்கிறது. 3,840-இல் அது கிட்டத்தட்ட 22 சதவீதம். கணக்கு சரி, ஆனால் அவருடைய உழைப்பை இது குறைத்துக் காட்டுகிறது. இந்த வருடம் 12,000 பீஸ் கூடுதலாகத் தைத்தும் பழுது குறைந்ததை அது சொல்லவே இல்லை. தைத்த அளவு மாறும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதத்துக்குப் போக வேண்டும். 48,000-க்கு 3,840 என்றால் 8 சதவீதம். 60,000-க்கு 3,000 என்றால் 5 சதவீதம்.

தவறு நடப்பது பெரும்பாலும் இதற்கு அடுத்த படியில்தான். எட்டு ஐந்தானதால் “3 சதவீதம் குறைத்தேன்” என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது 3 சதவீதப் புள்ளிகள், சதவீதம் அல்ல. இன்னும் சிலர் வித்தியாசமான மூன்றை, கையில் இருக்கும் புது எண்ணான ஐந்தால் வகுத்து 60 சதவீதம் என்று போடுவார்கள். வகுக்க வேண்டியது எப்போதும் பழைய எண்ணால்:

```
(பழையது − புதியது) ÷ பழையது × 100
(8 − 5) ÷ 8 × 100 = 37.5
```

சந்தேகம் வந்தால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். எட்டில் 37.5 சதவீதம் மூன்று; கழித்தால் ஐந்து வருகிறது. எட்டில் 60 சதவீதம் 4.8, கழித்தால் 3.2. நம்மிடம் இருப்பது 3.2 இல்லையே! நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கால்குலேட்டர்கூட இல்லாமல் இதைப் பிடித்துவிடுவார். இதைவிட அப்பட்டமான பிழையும் உண்டு. ஸ்டைல் மாற்ற 120 நிமிடம் ஆனது 45 நிமிடமாகியிருக்கும். 75-ஐ 45-ஆல் வகுத்து “நேரத்தை 166 சதவீதம் குறைத்தேன்” என்று எழுதியிருப்பார்கள். நூறு சதவீதம் குறைந்தாலே மிச்சம் பூஜ்யம்தான். அதற்கும் கீழே நேரம் எங்கே போகும்? சரியான விடை 62.5 சதவீதம்.

இனி, சூத்திரம் சரியாக இருந்தும் வாதம் உடையும் இடம் ஒன்று இருக்கிறது: ‘முன்’ என்று எதை எடுத்துக்கொண்டோம் என்பது. பொங்கலுக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் சிலர் திரும்பாமல், புது ஆட்கள் மிஷினில் உட்கார்ந்த ஜனவரியில் அந்த லைனில் 12 சதவீதம் திரும்பியிருக்கலாம். அதிலிருந்து ஐந்துக்கு வந்ததாகக் கணக்குப் போட்டால் 58 சதவீதம். கவர்ச்சியான எண்தான். ஆனால் புது ஆட்களுக்குக் கை பழகியதும் பழுது எப்படியும் இறங்கியிருக்கும். அதைச் சூப்பர்வைசர் தன் கணக்கில் எழுத முடியாது. மோசமான மாதத்தைத் தேடி எடுக்காமல், போன வருடத்தின் அதே மாதங்களை எதிரே வைப்பதுதான் நிற்கும். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம். போன வருடம் காலர் வைத்த டி-ஷர்ட்டும் இந்த வருடம் வெறும் ரவுண்ட் நெக்கும் தைத்திருந்தால், பழுது குறைந்ததற்குக் காரணம் ஸ்டைலா, சூப்பர்வைசரா? ஒரே மாதிரி ஸ்டைல்களை மட்டும் பிரித்து எடுத்து மறுபடி கணக்குப் போடுவதைத் தவிர வழியில்லை. எண் சிறுத்தால் சிறுத்துவிட்டுப் போகட்டும்.

37.5-ஐ 40 ஆக்கும் ஆசையும் வரும். முழு எண்ணாக்குவதென்றால் நமக்குப் பாதகமான பக்கம், அதாவது 37 என்று இறக்கிப் போடுவது நல்லது. என் விருப்பம் வேறு. இரண்டு விகிதங்களையும் அப்படியே எழுதிவிடலாம்: “தையல் லைனில் செக்கிங்கில் திரும்பும் பீஸ்களை 8 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததில் லைன் சூப்பர்வைசராக முக்கியப் பங்கு, ஜூலை–செப்டம்பர், முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு.” 60 சதவீதம் அளவுக்கு இது கண்ணைப் பறிக்காதுதான். ஆனால் படிக்கிறவரே 37.5-ஐக் கணக்குப் போட்டுக்கொள்வார். ‘முக்கியப் பங்கு’ என்று போட்டதற்கும் காரணம் உண்டு: மெக்கானிக்கும் டெய்லர்களும் இல்லாமல் அந்த மூன்று புள்ளி இறங்கியிருக்காது.

பழைய கம்பெனி தன் பழுது விகிதம் வெளியே போவதை விரும்பாது என்றால் 8-ஐயும் 5-ஐயும் எழுதாமல் “மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைப்பு” என்று நிறுத்திக்கொள்ளலாம். எந்த மாதங்கள், எந்த ஸ்டைல்கள், எதை எதால் வகுத்தது என்பது மட்டும் மனதில் தெளிவாக இருக்க வேண்டும். “எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?” என்பதுதான் அடுத்து வரப்போகும் கேள்வி.