திரைக்கு மேலே மறைந்த சாளரத்தை விசைப்பலகையால் மீட்டல்

கணினியில் திறந்த ஒரு நிரலின் சாளரம், அதன் தலைப்புப்பட்டை திரையின் மேல் விளிம்பைத் தாண்டி மறையும்படி அமைந்துவிடுவது உண்டு. சாளரத்தை மவுசால் இழுக்கப் பிடிக்குமிடம் தலைப்புப்பட்டையே. மூடும் குறியும் அங்கேதான் உள்ளது. ஆகவே அது மறைந்தால் சாளரத்தை நகர்த்தவும் முடியாது, வழக்கமான முறையில் மூடவும் முடியாது. விண்டோசு இயங்குதளத்தில் இதை விசைப்பலகையால் சில நொடிகளில் சரிசெய்யலாம்.

காரணம்

மவுசின் குறி திரையின் விளிம்பைத் தாண்டிப் போகாது. எனவே கையால் இழுத்துத் தலைப்புப்பட்டையைத் தொலைப்பது அரிது. பெரும்பாலும் இச்சிக்கல் திரை மாறும்போதுதான் வருகிறது.

விண்டோசு ஒவ்வொரு சாளரத்தின் இடத்தையும் எண்களால் குறிக்கிறது. முதன்மைத் திரையின் இடது மேல் மூலை சுழியம். கீழே செல்லச் செல்ல எண் கூடும். மேலே இன்னொரு திரை இருந்தால் அங்கு எண் எதிர்மறையாகும். பல நிரல்கள் மூடும்போது தம் இடத்தைக் குறித்துவைத்து, அடுத்த முறை அங்கேயே திறக்கின்றன. இரண்டாம் திரையைக் கழற்றும்போது, திறந்திருக்கும் சாளரங்களை விண்டோசே பெரும்பாலும் உள்ளே கொண்டுவந்துவிடும். ஆனால் குறித்துவைத்த இடத்தில் இப்போது திரை இருக்கிறதா என்று பார்க்காமல் திறக்கும் பழைய நிரல்கள் வெளியே போய்விடும்.

எடுத்துக்காட்டு

அரியலூர் மாவட்டம் திருமானூரில் ஓர் உரக்கடை இருப்பதாகக் கொள்வோம். கடைக்காரர் தம் மடிக்கணினியோடு, சுவரில் மேலே மாட்டிய ஒரு திரையையும் இணைத்துப் பட்டியல் போடுகிறார். அமைப்பிலும் அத்திரை மடிக்கணினிக்கு மேலே என்றே குறிக்கப்பட்டுள்ளது. மடிக்கணினித் திரையின் உயரம் 768 படப்புள்ளிகள். கணக்கு நிரலின் சாளர உயரம் 700. அதன் மேல் விளிம்பு -250இல் நிற்கும்போது அவர் நிரலை மூடுகிறார்.

இரவில் வீட்டில் மடிக்கணினியை மட்டும் திறந்தால், சாளரத்தின் கீழ்ப்பகுதி 450 படப்புள்ளிகள் மட்டுமே தெரியும். பதிவு செய்யும் கட்டங்கள் கண்ணுக்குத் தெரிவதால் அவர் பத்துப் பட்டியல்களைப் பதிந்துவிடுகிறார். பிறகுதான் மூட வழியில்லை என்று தெரிகிறது. இங்கே மின்சாரப் பொத்தானை அழுத்தி அணைத்தால், சேமிக்காத பட்டியல்கள் போய்விடும். நிரல் ஏற்குமானால் முதலில் Ctrl + S அழுத்திச் சேமிப்பது நல்லது.

மீட்கும் முறை

1. சாளரத்தின் தெரியும் பகுதியில் ஒருமுறை சொடுக்கவும்.
2. Alt விசையை அழுத்தியபடி Space விசையைத் தட்டவும். சாளரத்தின் பட்டி திறக்கும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொடரலாம்.
3. M விசையைத் தட்டவும். இது Move என்னும் கட்டளை.
4. கீழ் அம்புக்குறி விசையை அழுத்திப் பிடிக்கவும். சாளரம் இறங்கிவரும். விசையை ஒருமுறை தட்டியபின், எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் மவுசை நகர்த்தினாலும் சாளரம் கூடவே வரும்.
5. தலைப்புப்பட்டை தெரிந்ததும் Enter அழுத்தவும். Esc அழுத்தினால் சாளரம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

பணியாத இடங்கள்

சாளரம் முழுத்திரை அளவில் இருந்தால் Move மங்கலாக இருக்கும். அப்போது Alt + Space, பிறகு R தட்டி இயல்பு அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். தமிழ்த் தட்டச்சு இயங்கும்போது M வேலை செய்யாவிட்டால், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது பட்டியில் Move வரை அம்புக்குறியால் சென்று Enter அழுத்தலாம். Alt + Space விசைகளை வேறு நிரல் எடுத்துக்கொண்டிருந்தால், பணிப்பட்டையில் உள்ள நிரலின் படத்தின் மீது Shift விசையோடு வலச்சொடுக்கு செய்தால் அதே பட்டி வரும்.

விண்டோசு 7 முதல் விண்டோசு விசையுடன் மேல் அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் திரை முழுதும் விரியும், தலைப்புப்பட்டையும் தெரியும். ஆனால் இயல்பு அளவுக்குத் திருப்பும் குறியைச் சொடுக்கினால், சாளரம் மறைந்த பழைய இடத்துக்கே போகலாம். அதற்குப் பதிலாகத் தலைப்புப்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் புதிய இடத்தில் நிற்கும். அளவு மாற்ற இயலாத சிறு உரையாடல் பெட்டிகள் இப்படி விரியா. அவற்றுக்கு Move கட்டளையே வழி.

லினக்சின் குனோம், எக்சுஎஃப்சிஇ மேசைத்தளங்களில் நகர்த்தும் கட்டளைக்கு வழக்கமான விசை Alt + F7. அங்கும் அம்புக்குறியால் நகர்த்தி Enter அழுத்த வேண்டும்.

மீண்டும் வராமலிருக்க

சாளரம் உள்ளே வந்ததும் வேலையைச் சேமித்து, நிரலை முறையாக மூட வேண்டும். மூடும்போதுதான் பல நிரல்கள் புதிய இடத்தைக் குறித்துக்கொள்கின்றன. பணி மேலாளர் வழியாக நிறுத்தினாலோ கணினியைச் சட்டென அணைத்தாலோ பழைய எண்ணே தங்கிவிடும். அடுத்த முறையும் சாளரம் திரைக்கு மேலேதான் திறக்கும்.