‘நான் ஒண்ணும் பண்ணலையே’ என்பவளுக்கு எப்படி நன்றி சொல்வது?

பஸ்ஸில் இடம் விட்ட அந்நியருக்குச் சட்டென்று தேங்க்ஸ் சொல்லிவிடுகிறோம். நெருங்கிய தோழியிடம் அதையே சொன்னால், “நமக்குள்ள என்னடி தேங்க்ஸ்?” என்று அவளுக்குக் கோபம் வரும். பணம் கொடுத்தாள், மருத்துவமனைக்கு அலைந்தாள் என்றால் அதைச் சொல்லியாவது நன்றியைத் தொடங்கலாம். நாம் நொறுங்கிக் கிடந்த மாதத்தில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவளிடம் எங்கிருந்து தொடங்குவது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் மதுரையில் வங்கி ஊழியர். ஏழாம் மாதத்தில் அவருடைய குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் “அடுத்தது நல்லபடியா பிறக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்குப் பேச்சே நின்றுபோனது. பெருந்துயரம் பலரை இப்படித்தான் ஆக்குகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி நீள்கிறது, வாக்கியம் பாதியில் அறுந்துபோகிறது, சொன்னதே திரும்பத் திரும்ப வருகிறது. எதிரே இருப்பவருக்கு அந்த இடைவெளியைத் தாங்குவது கஷ்டம். ஒரு யோசனை, ஒரு ஆறுதல், தனக்குத் தெரிந்தவருக்கு நடந்த கதை என்று எதையாவது போட்டு நிரப்பிவிடத் தோன்றும்.

கல்லூரி ஹாஸ்டலில் அவருடைய அறைத்தோழியாக இருந்தவள் இப்போது கோவையில் இருக்கிறாள். அவள் எதையும் போட்டு நிரப்பவில்லை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் அழைப்பாள். இவர் அழுவார், அல்லது சும்மா இருப்பார். வெகுநேரம் சத்தமே இல்லாவிட்டால், “நான் லைன்லதான் இருக்கேன்டி” என்பாள். “டாக்டர் அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருக்கணும்” என்று இவர் ஒரே பேச்சைப் பல இரவு பேசியபோதும், “இதை ஏற்கெனவே சொன்னியே” என்று ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது இது: “நீ இல்லைன்னா நான் செத்தே போயிருப்பேன்.” பொய்யில்லை. ஆனால் படிப்பவள் நெஞ்சில் அது பயத்தை ஏற்றும். அன்று போனை எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் யோசிக்கத் தொடங்கிவிடுவாள். அடுத்த தாளில் தன் வலியை விரிவாக எழுதினார். அதுவும் சரிவரவில்லை. அந்தக் கடிதம் போனால் தோழி இன்னொரு இரவு உட்கார்ந்து இவரைக் கேட்க வேண்டியதுதான்.

மூன்றாவது தாளில் தோழி செய்ததை மட்டும் எழுதினார். “நான் பேசாம இருந்தப்ப நீயும் பேசாம இருந்த. லைன்ல இருக்கேன்னு மட்டும் சொன்ன. ஸ்கேன் விஷயத்தை எத்தனை தடவை சொன்னேனோ, ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கிற மாதிரி கேட்ட. மத்தவங்க ‘அது’ன்னு சொன்னப்ப, நீ மட்டும் பாப்பான்னு சொன்ன.”

இதில் நன்றி என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மூன்றில் இதுதான் சரியான கடிதம் என்பேன். கேட்பவருக்குத் தான் செய்தது பலித்ததா என்று தெரிய வழியே கிடையாது. எதிரில் அழுகையும் மௌனமும்தான் இருந்தன. எந்தச் சொல், எந்தச் சொல்லாமை துணையாக நின்றது என்பது பேச முடியாமல் கிடந்தவருக்கு மட்டுமே தெரியும். சாரா அல்கோ என்ற அமெரிக்க உளவியலாளர், தம்பதியர் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனக்கு என்ன நன்மை கிடைத்தது என்பதைவிட, நீ என்ன செய்தாய், அது உன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பேசிய நன்றிதான் கேட்டவரின் மனத்தைத் தொட்டது என்கிறது அது.

எழுதி முடித்தும் அனுப்பக் கை வரவில்லை. பழையதை ஏன் கிளற வேண்டும், அவளுக்குச் சங்கடமாக இருக்காதா என்ற தயக்கம். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் பலரை நன்றிக் கடிதம் எழுதவைத்து, பெற்றவர்களிடமும் விசாரித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அங்கே சங்கடம் இல்லை. மகிழ்ச்சியோ, அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது: “அந்த மாசம் நீ எப்படி இருந்த?” கேட்டவரிடம் இதை யாரும் கேட்பதில்லை. கடிதம் கிடைத்ததும் தோழி போன் செய்தாள். “நான் ஒண்ணும் பண்ணலையே” என்றுதான் தொடங்கினாள். பிறகு, போனை வைத்தபின் பல இரவுகள் தூக்கம் வராமல் பிள்ளைகள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டதையும், அதை யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள்.

பட்டுப்புடவை ஒன்று வாங்கி அனுப்பிவிடலாமா என்று அவர் முதலில் நினைத்ததுண்டு. பெரிய பரிசு கடனை அடைத்துக் கணக்கு முடித்த மாதிரி ஆகிவிடும் என்பதால் நானும் வேண்டாம் என்றேன். எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம். முழுதாகத் தேறிய பிறகுதான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. நாலு வரி கோவையாகப் பேச வந்துவிட்டால் போதும். வருடம் கடந்துவிட்டிருந்தாலும், நடந்ததை நினைவு வைத்துச் சொல்கிற வரை அது தாமதமில்லை.