டவர் போனாலும் வழி தெரியும்

ஸ்ரீரங்கத்திலிருந்து கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் நம்பர் 1 டோல்கேட், முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் சேர்கிறார்கள். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையேறும்போது டவர் வந்து வந்து போகும். போனில் வரைபடம் வெளுத்துப்போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விட்டதென்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவது; அதற்கு டவர் வேண்டாம். டவர் போனால் வராமல் நிற்பது வரைபடம் மட்டுமே. அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு Offline maps, பிறகு Select your own map என்று போனால் ஒரு சதுரம் வரும். கொல்லிமலையை மட்டும் அதற்குள் அடக்கினால் போதாது. ஸ்ரீரங்கமும் உள்ளே இருக்க வேண்டும். புறப்படும் இடமோ சேரும் இடமோ வெளியே நின்றால் டவர் இல்லாதபோது வழி போட்டுத் தராது. இறக்கியபின் போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து, கோயில் பெயரைத் தேடிப் பாருங்கள். வழி வந்தால் சரி.

ஆனால் வருவது கார் வழிதான். பஸ் நேரமும் நடைவழியும் டவர் இல்லாமல் கிடைக்காது. போக்குவரத்து நெரிசலும் தெரியாது. பஸ்ஸில் போகிறவர் அது காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம், எந்த ஊர் தாண்டியிருக்கிறோம் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். மலையில் இறங்கி ஆகாய கங்கை அருவிப் பக்கம் நடக்கிறவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ் செயலி மேல் என்பேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் அது, டவர் இல்லாமலே நடைவழியும் சொல்லும். கடை, ஓட்டல் தேடுவதில் மட்டும் கூகுளுக்குப் பின்தான்.

டவர் இல்லாத இடத்தில் போய்ச் செயலியைத் திறந்தால், இருப்பிடம் பிடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். செயற்கைக்கோள்கள் எங்கிருக்கின்றன என்ற விவரத்தை வழக்கமாக இணையம் சட்டென்று கொடுத்துவிடும். இணையம் இல்லையென்றால் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். ஆகவே சேந்தமங்கலத்திலேயே திறந்துவிடுங்கள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை நல்லது; தகரக் கூரை சிக்னலை மறைக்கும். வளைவுகளில் புள்ளி மேல் சாலைக்கும் கீழ்ச் சாலைக்கும் தாவினால் பயப்பட வேண்டாம். சாலைகள் அவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன. புள்ளி சாம்பல் நிறமானால் அது பழைய இடம், நம்பாதீர்கள்.

இறக்கிய வரைபடத்துக்கு ஊர் மாறுவது தெரியாது. 2022 நவம்பரில் திருச்சி காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, டவர் இல்லாத போன் அதே பாலத்தைத்தான் காட்டியிருக்கும். 2025-இல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் வந்தபிறகு, பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வெளியூர் பஸ் தேடுகிறவர் மத்திய பேருந்து நிலையத்துக்குத்தான் போவார். புறப்படுவதற்கு முந்தின இரவு வைஃபையில் வரைபடத்தை ஒருமுறை Update செய்துவிடுங்கள்.