முதல் அலசலில் போகும் சாயம்

புதுத் துணியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு. அஜ்ரக் துப்பட்டா வாங்கினாலும் போச்சம்பள்ளிச் சேலை வாங்கினாலும் இதே வைத்தியம்தான். ஆனால் இரண்டிலும் சாயம் பிடித்திருக்கும் விதம் வேறு, முதல் அலசலில் வெளியேறுவதும் வேறு. உப்பு இரண்டுக்கும் உதவாது.

கட்ச் பகுதியின் தமட்காவிலும் அஜ்ரக்பூரிலும் அச்சிடும் அஜ்ரக் துணியை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி வெயிலில் காயவைப்பார்கள். துணி வெளிர் மஞ்சளாகும். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளை, சாயம் ஏறாமல் தடுக்கும் சுண்ணாம்பு-கோந்துக் கலவையால் அச்சிடுவார்கள். கறுப்புக்கு, வெல்லமும் பழைய இரும்புத் துண்டுகளும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீரில் புளியங்கொட்டை மாவைச் சேர்த்துக் காய்ச்சிய களி. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடம் கறுத்துவிடும்.

சிவப்புதான் வேடிக்கை. அதற்காக அச்சிடுவது படிகாரக் களி. அதில் சிவப்பே கிடையாது. கடைசியில் மஞ்சிட்டி வேரோ அலிசரினோ கலந்த கொதிநீர்ச் செம்பில் துணியைப் போட்டுப் புரட்டும்போது, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும்பும். நூல், படிகாரம், சாயம் மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் இந்தச் சிவப்பு லேசில் போகாது. ஏற்கெனவே கொதியில் வெந்த நிறத்தை வீட்டு வாளித் தண்ணீர் என்ன செய்துவிடும்? 2001 பூகம்பத்துக்குப் பிறகு தமட்காவின் தண்ணீர் இந்த வேலைக்கு ஒத்துவராமல் போகவே, பல குடும்பங்கள் இடம்பெயர்ந்து உருவாக்கிய ஊர்தான் அஜ்ரக்பூர். தண்ணீரில் இரும்பு மிகுந்தால் சிவப்பு மங்கிவிடும்.

அஜ்ரக்கின் நீலம் வேறு ரகம். அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் அதைக் கரையும் நிலைக்கு மாற்றித் துணியை முக்குவார்கள். வெளியே எடுக்கும்போது பச்சையாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அதாவது, நூலுக்குள் புகுந்த சாயம் மறுபடி கரையாத பொடியாகி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. நூலோடு அதற்கு ரசாயனப் பிணைப்பு இல்லை. உள்ளே சிக்கியது நிற்கும். மேலே ஒட்டிய பொடி தண்ணீரிலும் போகும், உரசினாலும் வரும். ஆழ்நீல அஜ்ரக் போட்ட அன்று வெள்ளைக் கைப்பையில் நீலம் ஏறுவது இதனால்தான்.

இக்கத்தில் நெய்வதற்கு முன்பே நூலை இடையிடையே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. மற்ற இடத்தில் நூல் முழுக்க ஏறும். அதனால்தான் துணியின் இரு பக்கமும் ஒரே அழுத்தமாகத் தெரிகிறது. இன்றைய பருத்தி இக்கத்துக்குப் பயன்படும் சாயங்களில் ரியாக்டிவ் சாயமும் ஒன்று. சோடா உப்பின் காரத்தில் இது நூலோடு நிரந்தரமாகப் பிணையும். சிக்கல் என்னவென்றால், அதே தொட்டியில் ஒரு பங்குச் சாயம் நூலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். அது இனி எந்த நூலிலும் பிணையாது, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்புக் கொதிநீரில் அதை முழுக்க அலசி எடுப்பது சாயப்பட்டறையின் வேலை. அலசல் குறைந்தால் மிச்சம் நம் வாளிக்கு வருகிறது.

உப்புக் கதையின் ஊற்றும் அந்தத் தொட்டிதான். சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூல் பக்கம் தள்ள அங்கே உப்புப் போடுவார்கள். பிணைப்பது உப்பு அல்ல, சோடா. வீட்டில் உப்புப் போட்டால், வெளியேற வேண்டிய மிச்சச் சாயத்தைத் துணியிலேயே பிடித்துவைக்கிறோம். அன்றைக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும். அடுத்த முறை உப்பில்லாத தண்ணீரில் சாயம் மறுபடி இறங்கும்.

ஆகவே முதல் மூன்று நான்கு அலசல்களின் நோக்கம், உபரியை வெளியே அனுப்புவது. போகிற சாயம் வேறெங்கும் உட்காராதபடி பார்த்துக்கொண்டால் போதும். துணியைத் தனி வாளியில், நிறையப் பச்சைத் தண்ணீரில், பூந்திக்கொட்டையோ மிதமான சோப்புத் திரவமோ போட்டு ஐந்து நிமிடத்தில் அலசி எடுத்துவிடுங்கள். ஊறவைத்தால் இறங்கிய சாயம் அதே துணியின் வெள்ளைப் பூவில் ஏறும். ஈரத்தோடு சுருட்டி வைப்பது அதைவிட மோசம், மடிப்புக்கு மடிப்பு கறை. விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். அஜ்ரக்கில் எலுமிச்சை, வினிகர் வேண்டாம். புளிப்பு, படிகாரத்தின் பிடியைத் தளர்த்தும். பிளீச்சிங் பவுடர் அவுரியையே அழித்துவிடும்.

வெள்ளையில் சாயம் ஏறிவிட்டால் காயவிடாமல் உடனே புதுத் தண்ணீரில் சோப்புப் போட்டு மறுபடி அலசினால் பெரும்பாலும் போய்விடும். காய்ந்து, இஸ்திரியும் போட்டபின் கஷ்டம்.

எப்போது தனி அலசலை நிறுத்தலாம்? ஈரமான வெள்ளைத் துணியைப் புடவையின் உள் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். வெளுப்பாகவே இருந்தால் மற்றத் துணிகளோடு சேர்க்கலாம். அவுரி நீலத்துக்கு உலர்ந்த துணியால் தேய்த்தும் பார்க்க வேண்டும். ஈரச் சோதனையில் தேறி, உரசலில் தோற்கும் துணி உண்டு. ஒவ்வொரு அலசலுக்கும் நிறம் குறைந்துகொண்டே வந்தால் அது உபரிதான். ஆறாவது அலசலிலும் முதல் நாள்போலவே கொட்டினால் அந்தச் சாயம் சரியாகப் பிணைக்கப்படவே இல்லை. அதற்கு வீட்டில் மருந்து கிடையாது, கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.