மின்னல் தள்ளி விழுந்தாலும் வாட்டர் டேங்க் சென்சார் கருகுவது ஏன்? தடுப்பது எப்படி?

ஊருக்கு வெளியே பம்ப் ஹவுஸ். அங்கிருந்து 400 மீட்டர் தள்ளி மேல்நிலைத் தொட்டி. தொட்டியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார். அதன் கேபிள் மண்ணுக்கடியில் பம்ப் ஹவுஸ் பேனல் வரை வருகிறது. ஒருநாள் தொட்டி அருகே இருந்த பனைமரத்தில் மின்னல் விழுகிறது. தொட்டி மீது விழவே இல்லை. ஆனாலும் சென்சாரும் அவுட், பேனலில் அதன் கார்டும் அவுட். எப்படி?

தரையிலேயே ஏறும் வோல்டேஜ்

மின்னல் மண்ணில் இறங்கும்போது அந்த இடத்தின் தரையே சில மைக்ரோ செகண்டுகளுக்கு உயர் மின்னழுத்தத்துக்குப் போய்விடும். உதாரணமாக, தொட்டியின் எர்த் வழியாக 10,000 ஆம்பியர் மட்டும் இறங்குகிறது, அந்த எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1 லட்சம் வோல்ட். ஆனால் 400 மீட்டர் தள்ளியிருக்கும் பம்ப் ஹவுஸ் தரையில் இந்த ஏற்றம் இருக்காது. இரண்டு தரைகளையும் இணைப்பது அந்த மெல்லிய கேபிள்தான். 24 வோல்ட்டில் ஓடும் கருவிகள் இதைத் தாங்குமா?

சர்ஜ் புரொடெக்டர் எங்கே வேணும்?

இரண்டு முனையிலும் வேணும். பலர் பேனலில் மட்டும் மாட்டிவிடுகிறார்கள். அது பேனலைத்தான் காக்கும், சென்சாரை அல்ல.

தொட்டிப் பக்கம் மாட்டுவதன் எர்த் ஒயரை சென்சாரின் உலோக உடலோடும் தொட்டியின் எர்த்தோடும் சேர்க்க வேண்டும். 'சுத்தமான எர்த்' என்று தனிக் குழி தோண்டி, மற்ற எர்த்தோடு சேர்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. எல்லாம் ஒன்றாக இணைந்திருந்தால் வோல்டேஜ் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சென்சாருக்குள் வித்தியாசம் பாயாது.

எர்த் ஒயர் நீண்டால் வம்பு

மின்னல் சர்ஜ் மிக வேகமாக ஏறுவதால், சாதாரண ஒயரே அதற்குத் தடையாகிவிடும். ஒரு மைக்ரோ செகண்டில் 1,000 ஆம்பியர் ஏறினால், ஒரு மீட்டர் ஒயரில் மட்டும் சுமார் 1,000 வோல்ட் நிற்கும். அது புரொடெக்டர் அனுமதிக்கும் வோல்டேஜோடு சேர்ந்து கருவி மீது விழும். தடிமனான ஒயர் போட்டாலும் பெரிதாகக் குறையாது. அதனால் ஒயரைச் சுருட்டி வைக்காமல், அரை மீட்டருக்குள் நேராக முடிக்கப் பாருங்கள்.

புரொடெக்டர் போய்விட்டதா? இப்படிப் பாருங்க

பல புரொடெக்டர்கள் பழுதானால் உள்ளே ஷார்ட் ஆகிவிடும். சென்சார் நன்றாக இருந்தும் பேனலில் ரீடிங் வராது. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னல் என்றால், பேனலில் 4-க்குக் கீழே விழலாம். சப்ளையை ஆஃப் செய்து, இரு முனையிலும் புரொடெக்டரை விட்டு ஒயர்களை நேரடியாக இணைத்துப் பாருங்கள். ரீடிங் திரும்பினால் பழுது புரொடெக்டரில்தான். புதிதாக மாற்றும் வரை அப்படியே ஓட விடாதீர்கள். மேகம் திரண்டிருக்கும்போது இந்த வேலையில் இறங்கவே கூடாது.

மின்னல் நேராக சென்சார் மீதே விழுந்தால் இந்த சிறிய புரொடெக்டர் காப்பாற்றாது. ஆண்டுதோறும் கருவி கருகும் இடமா? கேபிளையே விட்டுவிட்டு, தொட்டியில் சோலார் மூலம் இயங்கும் ரேடியோ வைத்து சிக்னல் அனுப்பலாம். இரண்டு தரைகளையும் இணைக்கும் ஒயர் இல்லாததால், பேனல் வரை சர்ஜ் வர அந்த வழியே இருக்காது.