38 பில், 3 வருஷ இழுபறி: பாக்கிக் கணக்கை ஒரே பக்கத்துல கொண்டு வர்றது எப்படி?

நீங்க மாசச் சம்பளக்காரரா இருக்கலாம். ஆனா வீட்டுல அப்பாவோ, அண்ணனோ ஒரு சின்னத் தொழில் பண்ணிட்டு இருப்பாங்க. "எக்செல் தெரியும்ல, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாரு"ன்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைலைத் தூக்கி உங்க கையில கொடுப்பாங்க. அந்த ஃபைல்ல "அவங்க தர வேண்டியது இவ்ளோ, அவங்க சொல்றது அவ்ளோ"ன்னு பல வருஷமா நிக்கிற ஒரு கணக்கு கண்டிப்பா இருக்கும். அதை எப்படி நேர் பண்றதுன்னு ஒரு உதாரணக் கணக்கை வச்சே பார்த்திடுவோம்.

திருப்பூர்ல ஒரு எம்பிராய்டரி யூனிட்னு வச்சுக்குவோம். ஒரு கார்மென்ட் கம்பெனி துணியைக் கொடுக்கும், இவங்க ஜாப் ஒர்க் பண்ணித் திருப்பிக் கொடுப்பாங்க. மூணு வருஷத்துல 38 பில். நம்ம புத்தகப்படி வர வேண்டிய பாக்கி ₹1,86,400. கம்பெனி புத்தகப்படி அவங்க தர வேண்டியது ₹92,150. வித்தியாசம் ₹94,250.

இந்த ₹94,250-ஐப் பத்தி போன்ல பேசினா சண்டைதான் வரும். ஏன்னா அது ஒரே பிரச்சினை இல்ல, ஆறு சின்னப் பிரச்சினைகளோட கூட்டுத்தொகை. முதல்ல அதைப் பிரிக்கணும்.

முதல் வேலை: ரெண்டு லெட்ஜரையும் பக்கத்துல வைங்க

கம்பெனியோட அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல நம்ம பேர்ல இருக்கிற லெட்ஜர் காப்பியை எக்செல்லாவே கேளுங்க. நம்மகிட்ட டெபிட்ல இருக்கிறது அவங்ககிட்ட கிரெடிட்ல இருக்கும். குழப்பிக்காதீங்க.

எந்தத் தேதியில இருந்து ஒப்பிடணும்? ரெண்டு பக்கமும் பாக்கி ஒரே தொகையா இருந்த கடைசித் தேதியைக் கண்டுபிடிங்க. அதுக்கு முன்னாடி போக வேண்டியதில்ல. ஏப்ரல் 1 ஆரம்பப் பாக்கியை அப்படியே நம்பி ஆரம்பிச்சீங்கன்னா, போன வருஷத் தப்பு அந்த ஒத்தை எண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கும். எல்லா வரியும் பொருந்தும், கடைசிப் பாக்கி மட்டும் பொருந்தாது. அப்படி வந்தா, தப்பு ஆரம்பப் பாக்கியிலதான் இருக்குன்னு அர்த்தம்.

அடுத்து பில் நம்பரை ஒரே மாதிரி ஆக்குங்க. நாம "EMB/047"னு போட்டிருப்போம், அவங்க வெறும் "47"னு ஏத்தியிருப்பாங்க. அதைச் சரி பண்ணிட்டு, A காலத்துல பில் நம்பர், C காலத்துல தொகை வச்சு, நம்ம ஷீட்ல இந்த ஃபார்முலாவைப் போடுங்க:

```
=COUNTIFS(Theirs!A:A,A2,Theirs!C:C,C2)
```

1 வந்தா பொருந்திடுச்சு. 0 வந்தா அந்த பில் அவங்ககிட்ட இல்ல, இல்லேன்னா தொகை வேற. 2 வந்தா அவங்க ரெண்டு தடவை ஏத்தியிருக்காங்க. இதையே அவங்க ஷீட்ல இருந்தும் ஒரு தடவை பண்ணுங்க. நம்மகிட்ட இல்லாத டெபிட் நோட் எல்லாம் அப்பதான் வெளிய வரும்.

ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டவை

நம்ம கணக்குல மூணு விஷயம் காகிதத்தைக் காட்டின உடனே முடிஞ்சது.

1. டிடிஎஸ் ₹11,900. தனிநபர் நடத்துற யூனிட்டுங்கிறதால கம்பெனி ஜாப் ஒர்க் கூலியில 1% பிடிச்சிருக்கு. பில்லுல ஜிஎஸ்டியைத் தனியாக் காட்டியிருந்தா, ஜிஎஸ்டி சேர்க்காத தொகைக்குத்தான் பிடிக்கணும். இது நம்ம 26ஏஎஸ்ல தெரியுது, ஆனா நம்ம லெட்ஜர்ல ஏத்தவே இல்ல. நாம குறைச்சுக்கணும்.
2. ₹25,000 பேங்க்ல வந்திருக்கு. ஆனா அதே மாதிரி பேருள்ள இன்னொரு பார்ட்டி கணக்குல வரவு வச்சிருக்கு. இதையும் நாம குறைச்சுக்கணும்.
3. ₹16,800 பில் ஒண்ணு அவங்க புத்தகத்துலயே இல்ல. அவங்க ஸ்டோர்ல கையெழுத்து போட்ட டெலிவரி சலான் நம்மகிட்ட இருக்கு. அவங்க ஏத்திக்கணும்.

இப்ப நம்ம பாக்கி ₹1,49,500. அவங்க பாக்கி ₹1,08,950. வித்தியாசம் ₹40,550 ஆச்சு. யாரும் விட்டுக் கொடுக்கல, சத்தமும் போடல. பாதிக்கு மேல கரைஞ்சிடுச்சு.

இன்னும் முடியாதவை

மிச்ச ₹40,550-க்கும் பேர் இருக்கணும். "இதர வித்தியாசம்"னு ஒரு வரி வந்தா வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

1. டிடிஎஸ் ₹2,300. பிடிச்சோம்னு கம்பெனி சொல்லுது. ஆனா அந்தக் காலாண்டு 26ஏஎஸ்ல வரல.
2. டெபிட் நோட் ₹27,750. ஒரு லாட்ல 1,500 பீஸ் டேமேஜ், பீஸுக்கு ₹18.50-ன்னு பிடிச்சிருக்காங்க. நமக்குத் தகவலே வரலைன்னு நம்ம பக்கம்.
3. ரேட் வித்தியாசம் ₹10,500. பர்ச்சேஸ் ஆர்டர்ல பீஸுக்கு ₹6. டிசைன் மாத்தி தையல் கூடினதால ₹8 போட்டோம். 5,000 பீஸுக்கு ₹10,000, அதோட 5% ஜிஎஸ்டி ₹500.

ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல மூணு விஷயம் எழுதுங்க: நாம சொல்றது, அவங்க சொல்றது, எந்தக் காகிதம் வந்தா முடியும். டிடிஎஸ்ஸுக்கு, கம்பெனி தாக்கல் பண்ணின டிடிஎஸ் ரிட்டர்ன்ல நம்ம பான் நம்பர் சரியா இருக்கான்னு பார்க்கணும். டேமேஜுக்கு அவங்க க்யூசி ரிப்போர்ட்டும், அந்த பீஸை நமக்குத் திருப்பி அனுப்பின சலானும் வேணும். ரேட்டுக்கு, புது டிசைன் சாம்பிளை ஓகே பண்ணின மெயில் இல்லேன்னா வாட்ஸ்அப் மெசேஜ். போன்ல பேசினது மட்டும்தான்னா நம்ம கை கொஞ்சம் தாழ்வுதான். பேரத்துல முதல்ல விட்டுக் கொடுக்கக்கூடிய வரி எதுன்னும் அப்பவே தெரிஞ்சிடும்.

அடுத்து என்ன?

முதல்ல, ஒரு பக்க ஸ்டேட்மென்ட் தயார் பண்ணி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்க. இது வெறும் சம்பிரதாயம் இல்ல. பொதுவா பாக்கிக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் காலக்கெடு. அது முடியறதுக்குள்ள "இவ்ளோ தரணும்"னு கம்பெனி எழுத்துல கையெழுத்து போட்டா, அந்தத் தேதியில இருந்து புதுசா 3 வருஷம் ஓட ஆரம்பிக்கும். காலக்கெடு முடிஞ்ச பிறகு வாங்கினா இந்தப் பலன் கிடைக்காது. அதனால பழைய பில்லோட தேதியை முதல்ல பாருங்க.

ரெண்டாவது, சண்டையில்லாத ₹1,08,950-ஐ ஒரு தேதி குறிச்சுக் கேளுங்க. ₹40,550 முடியட்டும்னு மொத்தத்தையும் நிறுத்தி வைக்க விடாதீங்க. கம்பெனி அனுப்புற லெட்டர்ல "முழுமையான, இறுதியான தீர்வு"ன்னு ஒரு வரி இருந்தா கையெழுத்து போட வேண்டாம். "ஒத்துக்கொண்ட பாக்கி மட்டும், மற்றவை நிலுவையில்"னு மாத்தச் சொல்லுங்க. எந்தெந்த பில்லுக்கு இந்தப் பணம்னு நம்பரோட எழுதி வாங்குங்க.

மூணாவது, மூணு வரிக்கும் ஆளும் தேதியும் போடுங்க. ரேட்டை விட்டுக் கொடுக்கிறதா இருந்தா ஒரு கெடு இருக்கு. பில் போட்ட நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30-க்குள்ள கிரெடிட் நோட் போட்டாத்தான் அந்த ₹500 ஜிஎஸ்டியைக் குறைக்க முடியும். தாண்டிட்டா, கட்டின வரி கட்டினதுதான்.

ஒத்துக்கிட்ட பணமே வரலைன்னா? யூனிட்டுக்கு உத்யம் பதிவு இருந்தா எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் போடலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது, இழுத்தா ரிசர்வ் பேங்க் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டின்னு சட்டம் இருக்கு. அங்கே போனாலும், நீங்க கையெழுத்து வாங்கி வச்சிருக்கிற அந்த ஒரு பக்கம் கை கொடுக்கும்.