துரத்தலும் நழுவலும்

"உங்க தம்பி கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டீங்களா?" என்று மனைவி கேட்கிறார். "அப்புறம் பேசலாம்" என்கிறார் கணவர். அந்த 'அப்புறம்' ஒருநாளும் வந்ததில்லை என்பதால் மனைவி விடுவதில்லை. குரல் உயர்கிறது, போன வருஷம் அடகுக்குப் போன வளையலும் பேச்சில் சேர்ந்துகொள்கிறது. கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறார். நாலு நாள் கழித்து கரண்ட் பில்லை வைத்து அதே சண்டை.

தொடங்கியது யார்? 'நீ நச்சரிப்பதால்தான் ஒதுங்குகிறேன்', 'நீங்கள் ஒதுங்குவதால்தான் நச்சரிக்கிறேன்'. பால் வாட்ஸ்லாவிக்கும் சகாக்களும் 1967இல் எழுதிய நூலில் இப்படி ஒரு தம்பதியைக் காட்டினார்கள். இருவர் சொல்வதும் உண்மை. மற்றவர் செய்ததிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் பெண் குணம், ஆண் குணம் என்று பிரிப்பது சுலபம். 1990இல் கிறிஸ்டென்சன், ஹீவி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தம்பதிகளைப் பேசவைத்துப் பார்த்தார்கள். மனைவி மாற்றம் கேட்ட பேச்சில் மனைவி துரத்தினார், கணவர் நழுவினார். கணவர் மாற்றம் கேட்ட பேச்சில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. மாற்றம் வேண்டுபவர் துரத்துவதும், இருப்பதே வசதி என்பவர் நழுவுவதும் இயல்புதானே.

நழுவுகிறவருக்கு அக்கறை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சண்டையில் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டினால் காது கேட்கும், மனதில் ஏறாது என்கிறார் உளவியலாளர் ஜான் காட்மன். அடங்க 20 நிமிஷமாவது வேண்டுமாம். ஆகவே எழுந்து போவதில் தப்பில்லை. எப்போது திரும்புவோம் என்று சொல்லாமல் போவதுதான் துரத்தலுக்குத் தீனி. "இப்ப பேசினா கத்திடுவேன். சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்கு அவரே பேச்சை எடுக்க வேண்டும். மனைவி நினைவூட்டித்தான் வந்தார் என்றால் அதுவும் துரத்தலாகிவிடும்.

துரத்துகிறவர் முதலில் வளையலை விட்டுவிடலாம். கோபத்துக்கு அடியில் இருப்பதைச் சொல்லலாம்: "வெளியாள் சொல்லித்தான் தெரிஞ்சுது, கஷ்டமா இருந்துச்சு. அவர் கட்டலேன்னா நாம என்ன பண்றதுன்னு பயமா இருக்கு." சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அடுத்து வரும் மௌனத்தை நிரப்பாமல் இருப்பதுதான் கடினம். பேசாமலே இருந்து பழிவாங்குவது வேறு. அது இருவரும் நழுவுவது.

ஒருவர் மாறினாலே சுழல் தளரும். ஆனால் உடனே அல்ல. பலமுறை ஏமாந்தவர் ஒன்பது மணி வரை நம்பிக் காத்திருக்கப் பழக வேண்டுமே. அடிக்கோ மிரட்டலுக்கோ பயந்து ஒருவர் வாய் மூடியிருந்தால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. அங்கே பாதுகாப்புதான் முதல் வேலை.

சுழல் நின்றாலும் ஜாமீன் கையெழுத்து அப்படியேதான் இருக்கும். தம்பி தவறினால் கடன் கொடுத்தவர் இவரிடம் கேட்பார். பாக்கி எவ்வளவு, எத்தனை தவணை கட்டியாயிற்று என்று இருவரும் உட்கார்ந்து தம்பியிடமே கேட்கலாம்.